சத்து மாத்திரையை நிறுத்துவது எப்படி, அது வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி

இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது என்று மெக்னீசியம் சாப்பிடுபவர்கள் நம் வீடுகளில் நிறைய பேர் இருக்கிறார்கள். யாரோ சொல்லித் தொடங்கியிருப்பார்கள். ஒரு டப்பா முடிந்ததும் அடுத்த டப்பா வரும். வருடக்கணக்கில் ஓடும். "இது உங்களுக்குக் கேட்கிறதா?" என்று விசாரித்தால், "கேட்குதுன்னுதான் நினைக்கிறேன், விட்டா மறுபடி இழுக்குமோன்னு பயமா இருக்கு" என்பார்கள். என் பெரியம்மாவும் அதையேதான் சொன்னார். அவருக்கு 62 வயது. காலையில் தைராய்டு மாத்திரை, இரவில் மெக்னீசியம் சிட்ரேட் கேப்சூல் இரண்டு. அவரோடு உட்கார்ந்து அந்த மெக்னீசியத்தை நிறுத்தி, சோதித்துப் பார்த்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு சத்து மாத்திரைகளுக்கு எது மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில்: இதை நீங்களாக நிறுத்தலாமா?

டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். இதை யார், எதற்காகத் தொடங்கச் சொன்னார்கள்? ரத்தப் பரிசோதனையில் ஒரு சத்து குறைந்திருக்கிறது என்று பார்த்து மருத்துவர் எழுதிக் கொடுத்ததென்றால் இந்தக் கட்டுரையின் சோதனை அதற்குப் பொருந்தாது. அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

மெக்னீசியத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஒமேப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிடுகிற சிலருக்கு ரத்தத்தில் மெக்னீசியம் குறைந்துபோகும். நீர் பிரிய வைக்கும் சில மாத்திரைகளாலும் அப்படி ஆகும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்புகூட வரலாம். அப்படிப்பட்டவருக்கு மெக்னீசியம் கொடுத்திருந்தால் அது கால் இழுப்புக்கான மாத்திரையே இல்லை.

பி12-ம் இதே வகைதான். கல்லீரலில் அதன் சேமிப்பு வருடக்கணக்கில் வரும். நிறுத்திய மாதத்தில் உங்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, "பார், தேவையே இல்லை" என்று தோன்றும். நரம்பு பாதிக்கப்பட்டுக் கால் மரத்துப்போகும்போதுதான் தெரியவரும். இரும்புச்சத்து, வைட்டமின் டி இரண்டையும்கூட உடம்பு சொல்வதை வைத்து அளக்க முடியாது, ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கர்ப்பிணிகளின் ஃபோலிக் அமிலத்தை இந்தப் பேச்சுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம்.

நேர் எதிரான நிலையும் உண்டு. கண்ணோ தோலோ மஞ்சளாகிறது, சிறுநீர் கறுத்துப் போகிறது, உடம்பெல்லாம் அரிப்பு என்றால் படிப்படியாகக் குறைப்பது, சோதிப்பது எதுவும் வேண்டாம். அன்றே நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அஸ்வகந்தா போன்ற மூலிகைக் கேப்சூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. சிறுநீரகம் பழுதானவர்கள் மெக்னீசியம் எடுப்பதும் ஆபத்து. அது வெளியேறாமல் ரத்தத்தில் சேரும்.

பெரியம்மாவுக்கு இதில் எதுவும் இல்லை. சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தது, அமில மாத்திரை கிடையாது, மெக்னீசியம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தொடங்கியது. அப்படியானால் நிறுத்திப் பார்க்கலாம்.

கூடவே சாப்பிடும் மருந்தைக் கவனியுங்கள்

பலரும் யோசிக்காத இடம் இது. சத்து மாத்திரையை நிறுத்தினால் அதன் விளைவு மட்டும் போகாது, கூடச் சாப்பிடும் மருந்தின் அளவும் மாறலாம். மெக்னீசியம், கால்சியம், இரும்பு மூன்றும் தைராய்டு மாத்திரையைக் குடலில் பிடித்துக்கொண்டு உள்ளே போக விடாமல் தடுக்கும். அதனால்தான் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது இடைவெளி விடச் சொல்கிறார்கள். ஒருவர் கால்சியத்தையும் தைராய்டு மாத்திரையையும் காலையில் ஒன்றாகவே விழுங்கிக்கொண்டிருந்தார் என்று வையுங்கள். தைராய்டு அளவு ஏறவில்லை என்று மருத்துவர் மாத்திரையைக் கூட்டியிருப்பார். இப்போது கால்சியத்தை நிறுத்தினால் கூட்டிய மாத்திரை முழுதாக உள்ளே போகும். சில வாரங்களில் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். "கால்சியத்தை விட்டதால் உடம்பு கெட்டுப்போச்சு" என்று அவர் நினைப்பார். நடந்தது வேறு. இப்படி ஒன்றாகச் சாப்பிட்டு வந்தவர்கள், நிறுத்தியதும் ஆறு முதல் எட்டு வாரத்தில் டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அந்தப் பரிசோதனைக்குப் போகும்போது இன்னொன்று. முடிக்கு, நகத்துக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் இரண்டு நாளாவது முன்பே அதை நிறுத்துங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனை முடிவையே பொய்யாக்கிவிடும்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் வைட்டமின் கே உள்ள எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தவோ தொடங்கவோ கூடாது. நிறுத்தினால் மருந்தின் வேகம் கூடி ரத்தக்கசிவு ஏற்படலாம்.

பெரியம்மா காலையில் தைராய்டு மாத்திரை, இரவில் மெக்னீசியம் என்று பிரித்துத்தான் சாப்பிட்டுவந்தார். அந்தக் கவலை இல்லை.

ஒரேயடியாக நிறுத்துவதா, குறைத்துக்கொண்டே வருவதா?

இதற்கு ஒரு விதி போதும். தினமும் எடுத்து உடம்பு எதற்குப் பழகிக்கொள்கிறதோ, அதைக் குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டும். பழகாததை ஒரே நாளில் நிறுத்தலாம்.

காஃபின் பழகும். ஜிம்முக்குப் போகும் முன் கலக்கிக் குடிக்கும் பொடிகளிலும், எடை குறைக்கும் கேப்சூல்களிலும் அது நிறைய இருக்கும். திடீரென்று விட்டால் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும். சோர்வு, எரிச்சல் கூடவே வரும். இரண்டாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளுக்குள் அடங்கிவிடும். சில நாளுக்கு ஒருமுறை கால் பங்காகக் குறைத்துக்கொண்டே வந்தால் இந்தத் தொல்லையின் பெரும்பகுதி இருக்காது.

குடலும் பழகும். நிலாவரை திருநெல்வேலிப் பக்கம் விளைந்து, அந்த ஊர்ப் பெயரிலேயே உலகச் சந்தைக்குப் போகிற மூலிகை. மலச்சிக்கலுக்கு அதைத் தினமும் நீண்ட நாள் எடுத்தவர் ஒரே நாளில் விட்டால், சில நாள் முன்பைவிட மோசமாக மலம் கட்டிக்கொள்ளும். பயந்து அதையே மறுபடி எடுப்பார். அப்படித்தான் விட முடியாமல் போகிறது. நாள்தோறும் எடுத்ததை ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று ஆக்கி, சில வாரங்களில் அளவையும் பாதியாக்கி, அதற்குள் தண்ணீரும் நார்ச்சத்தும் கூட்டிக்கொண்டு வெளியே வர வேண்டும்.

மெக்னீசியம் பழகுவதற்கும் பழகாததற்கும் நடுவில் நிற்கிறது. உடம்பு அதன் பெரும்பகுதியை எலும்பிலும் தசையிலும் வைத்திருக்கிறது. வரவு குறைந்தால் சிறுநீரகம் சிறுநீரில் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் உடல்நலமுள்ளவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்தில்லை. ஆனால் சிட்ரேட், ஆக்சைடு வகைகள் குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்குபவை. நிறுத்திய சில நாள் மலச்சிக்கல் வரலாம். பெரியம்மாவுக்கு இரண்டு கேப்சூலை ஒன்றாக்கி ஒரு வாரம் வைத்துவிட்டு, அப்புறம் நிறுத்தினோம். ஒன்றாக்கியபோதே லேசாகக் கட்டியது. தண்ணீர், கொய்யா, கீரை என்று அதையும் கடந்தாயிற்று.

டப்பாவின் மேல் உள்ள எண்ணையும் படியுங்கள். "மெக்னீசியம் பிஸ்கிளைசினேட் 1000 மி.கி." என்று பெரிதாகப் போட்டிருந்தால், அதில் உள்ள தனி மெக்னீசியம் சுமார் 140 மி.கி.தான். மிச்சம் அதோடு ஒட்டியிருக்கும் பொருளின் எடை. "தனிமம்" என்ற பொருளில் சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். நாம் குறைப்பதும் கணக்குவைப்பதும் அந்த எண்ணைத்தான்.

நிறுத்தியதும் தொல்லை வந்தால் அது எது?

நிறுத்தியபின் ஏதாவது ஆனால் "மாத்திரை தேவைதான் போல" என்று முடிவுகட்டுவது எல்லோருக்கும் வழக்கம். ஆனால் மூன்று வேறு காரணங்கள் இருக்கலாம். எப்போது தொடங்கியது, எப்படிப் போகிறது என்று பார்த்தால் ஓரளவு பிரித்துவிடலாம்.

முதலாவது எதிர்வீச்சு, அதாவது பழகியதை விட்டதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு. அது உடனே, ஓரிரு நாளில் தொடங்கும். மாத்திரையே தொடங்காத காலத்தில் இருந்ததைவிடக்கூட மோசமாக இருக்கும். அப்புறம் தானே இறங்கும். காஃபின் தலைவலி அப்படித்தான். இது மாத்திரை நல்லது செய்ததற்குச் சான்று ஆகாது. உடம்பு அதற்குப் பழகியிருந்தது என்பதற்குத்தான் சான்று.

பழைய தொல்லை திரும்புகிறது என்றால் அது மெதுவாக வரும், பழைய அளவுக்கு ஏறும், அங்கேயே நிற்கும். வாரங்கள் போனாலும் இறங்காது. மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது என்று நினைக்க இதில்தான் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, எதிர்பார்ப்பும் தற்செயலும். இதன் வலுவைக் காட்டிய ஓர் ஆய்வு 2020-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து வந்தது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்ட 60 பேருக்கு ஆளுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கான குப்பிகள் கொடுத்தார்கள். நான்கில் ஸ்டாட்டின், நான்கில் மருந்தில்லாத வெறும் மாத்திரை, நான்கு காலி. எதில் எது என்று சாப்பிடுபவருக்குத் தெரியாது, காலிக் குப்பி மட்டும் தெரியும். தினமும் தொல்லையை எண்ணால் குறித்தார்கள். ஸ்டாட்டின் மாதங்களில் வந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் வெறும் மாத்திரை மாதங்களிலும் வந்தது. அவர்கள் பட்ட வேதனை நிஜம்தான், யாரும் நடிக்கவில்லை. ஆனால் மாத்திரையின் வேதிப்பொருள் அதற்குப் பெரும்பாலும் காரணமாக இல்லை. "நிறுத்தினால் மறுபடி இழுக்கும்" என்ற பயத்தோடு படுக்கிறவருக்கும் இதே விதமாக நடக்கலாம்.

சோதனை

ஒரே நபரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்கும் முறையை மருத்துவத்தில் பரவச் செய்தவர் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கையாட். 1986-இல் அவரும் சக மருத்துவர்களும் அதைப் பற்றி எழுதினார்கள். அதன் எளிய வடிவம்தான் இது.

இது எல்லாத் தொல்லைக்கும் ஒத்துவராது. தொல்லை அடிக்கடி வந்துபோவதாக இருக்க வேண்டும், மாதக்கணக்கில் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்க வேண்டும், மாத்திரையின் விளைவும் சில நாளில் தொடங்கிச் சில நாளில் போய்விட வேண்டும். கால் இழுப்பு, தூக்கம், மலச்சிக்கல் இதற்குப் பொருந்தும். முடி உதிர்வு பொருந்தாது, அது மாதக்கணக்கில் மெதுவாக மாறுவது.

ஒன்று: எண்ணக்கூடிய ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். "கால் எப்படி இருக்கிறது" என்பது வேண்டாம். பெரியம்மாவின் கேள்வி, "நேற்று இரவு கெண்டைக்கால் இழுத்து என்னை எழுப்பியதா?" என்பது. ஆம் என்றால் நாட்காட்டியில் ஒரு கோடு, இல்லையென்றால் ஒரு புள்ளி. காலையில் பல் விளக்கியதும் போட வேண்டும். மூன்று நாள் சேர்த்து நினைவிலிருந்து போடக் கூடாது.

இரண்டு: எவ்வளவு வித்தியாசம் இருந்தால் தொடர்ந்து சாப்பிடுவீர்கள் என்று முன்பே எழுதிவையுங்கள். முடிவு தெரிந்தபின் மனம் எந்தப் பக்கமும் வளையும். பெரியம்மா "பாதியாகவாவது குறைய வேண்டும்" என்று எழுதினார்.

மூன்று: காலத்தை நான்கு பகுதியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் மூன்று வாரம். முதல் வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய பகுதியின் மிச்சமும், இருந்தால் எதிர்வீச்சும், அதில் கழிந்துவிடும். பின் இரண்டு வாரத்தை மட்டும் எண்ணுங்கள். முதல் இரண்டு பகுதி ஒரு ஜோடி, அடுத்த இரண்டு இன்னொரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பகுதி மாத்திரையோடு, ஒரு பகுதி மாத்திரை இல்லாமல். எது முதலில் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்யுங்கள்.

நான்கு: முடிந்தால் கண்ணைக் கட்டுங்கள். அதாவது, எந்தப் பகுதியில் எது என்று சாப்பிடுபவருக்குத் தெரியக் கூடாது. இரண்டாகக் கழற்ற முடிகிற, பொடி அடைத்த கேப்சூல் என்றால் இது எளிது. வீட்டில் இன்னொருவர் கேப்சூலைத் திறந்து மருந்தைக் கொட்டிவிட்டு, அதே கூட்டில் அரிசி மாவை அடைத்து மூடலாம். மருந்துள்ளதும் மாவுள்ளதும் வெளியே ஒரே மாதிரி இருக்கும். மெதுவாகக் கரையும்படி செய்த கேப்சூலையும், மருத்துவர் எழுதிக் கொடுத்த எதையும் இப்படித் திறக்கக் கூடாது. பெரியம்மாவின் மகள்தான் நாணயம் சுண்டினாள், நான்கு டப்பாவில் 1, 2, 3, 4 என்று எழுதி அடைத்தாள், எதில் எது என்பதைத் தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டாள்.

ஐந்து: அந்தப் பன்னிரண்டு வாரமும் வேறு எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம். புது நடைப்பயிற்சி, புது மருந்து, இன்னொரு சத்து மாத்திரை எதுவும் கூடாது. வெளியூர்த் திருமணம், காய்ச்சல் என்று ஏதாவது குறுக்கே வந்தால் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ஒரு வாரம் முழுதாகக் கெட்டுப்போனால் அந்தப் பகுதியை ஒரு வாரம் நீட்டலாம்.

முடிவைப் படிப்பது

உறையைப் பிரித்தபோது வரிசை இப்படி இருந்தது. முதல் டப்பா மெக்னீசியம், 14 இரவில் 5 இழுப்பு. இரண்டாவது அரிசி மாவு, 4 இழுப்பு. மூன்றாவதும் மாவு, 4. நான்காவது மெக்னீசியம், 3.

முதல் ஜோடியில் மாவு ஒரு இரவு முந்துகிறது, இரண்டாவதில் மெக்னீசியம் ஒரு இரவு முந்துகிறது. கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் 8. பாதியாகக் குறைய வேண்டும் என்று அவரே எழுதிவைத்ததற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அவருக்கு மெக்னீசியம் கேட்கவில்லை என்றுதான் இதைப் படிக்க வேண்டும். காக்ரேன் அமைப்பு 2020-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததும் இதோடு ஒத்துப்போகிறது. வயதானவர்களுக்குக் காரணம் தெரியாமல் வரும் கால் இழுப்பில் மெக்னீசியம் குறிப்பிடத்தக்க பலன் தர வாய்ப்பில்லை என்பதே அதன் முடிவு.

"ஆனா ஆரம்பிச்சப்ப நல்லா கேட்டுச்சே" என்றார் பெரியம்மா. அதுவும் உண்மைதான். அவர் தொடங்கியபோது வாரத்தில் ஐந்து இரவு இழுத்துக்கொண்டிருந்தது. இந்தத் தொல்லை தானாகவே ஏறி இறங்கும். யாருமே இறங்கியிருக்கும்போது மாத்திரை தேடுவதில்லை, உச்சத்தில் இருக்கும்போதுதான் வாங்குகிறோம். உச்சத்துக்கு அப்புறம் எதைச் சாப்பிட்டாலும், ஒன்றும் சாப்பிடாவிட்டாலும், பெரும்பாலும் இறக்கம்தான் வரும். சத்து மாத்திரைகளுக்குக் கிடைக்கும் நல்ல பெயரில் பெரும்பங்கு இப்படி வந்தது என்பது என் எண்ணம்.

இரண்டு ஜோடியிலும் மாத்திரையே ஜெயித்திருந்தால்? அப்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். வெறும் மாவை மாவோடு ஒப்பிட்டாலும் இரண்டு ஜோடியிலும் நாம் முன்பே குறித்துவைத்த பக்கமே ஜெயிக்க நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. மூன்றாவது ஜோடியும் சேர்த்தால் அது எட்டில் ஒன்றாகக் குறையும். வித்தியாசம் பெரிதாக, 7-க்கு 2 என்பதுபோல் இரண்டு முறையும் வந்தால் இரண்டு ஜோடியிலேயே நம்பலாம். 5-க்கு 4 என்று வந்தால் மூன்றாவது ஜோடியையும் செய்துவிட்டு முடிவெடுங்கள்.

கண்ணைக் கட்டியதும் முழுமையாக இருக்காது. பெரியம்மா இரண்டாவது டப்பாவின் மூன்றாம் நாளே "இதுல மருந்து இல்லை, வயிறு கட்டுது" என்று கண்டுபிடித்துவிட்டார். அப்படித் தெரிந்துபோனால் முடிவு மாத்திரைக்குச் சாதகமாகச் சாய வாய்ப்பு அதிகம். தெரிந்தும் சாதகமாக வரவில்லை என்பதால் அவர் முடிவை நான் இன்னும் உறுதியாக நம்புகிறேன். கேப்சூலைத் திறக்க வழியில்லாமல் வெளிப்படையாகச் சோதிக்கிறவர்கள் சின்ன வித்தியாசத்தை நம்பாமல் பெரிய வித்தியாசத்தை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

அப்புறம்

கேட்கவில்லை என்று தெரிந்தால் மீதி டப்பாவை யாருக்கும் தானம் கொடுக்காதீர்கள், அவருடைய சிறுநீரகம் உங்களுக்குத் தெரியாது. கால் இழுப்பு தொடர்கிறதென்றால் மருத்துவரிடம் காட்டி, சாப்பிடும் மருந்துகளில் ஏதாவது காரணமா என்று கேளுங்கள். தூங்கும் முன் சுவரைப் பிடித்து நின்று, குதிகாலைத் தரையில் ஊன்றியபடி கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி சிலருக்குக் குறைக்கிறது. பெரியம்மா இப்போது அதைத்தான் செய்கிறார், அதே நாட்காட்டியில் அதே கோடும் புள்ளியும் போட்டுக்கொண்டு.

இரண்டு மூன்று சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக நிறுத்தாதீர்கள். ஒன்றை நிறுத்தி, ஒரு மாதம் பொறுத்து, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள். எதை முதலில் எடுப்பது என்று தெரியாவிட்டால், எதற்காகத் தொடங்கினீர்கள் என்று உங்களுக்கே நினைவில்லாததிலிருந்து தொடங்கலாம்.